கயிறு இருந்த இடத்தில் பொட்டு

எனக்கும் என் ஓரகத்திக்கும் பேச்சு இல்லை. என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், அந்தப் பெண்ணுக்கு வலிப்பு வரும் என்று சொன்னவள் அவள். வலிப்பு இல்லை, ஒன்றும் இல்லை. சின்ன வயதில் ஒரு தரம் காய்ச்சலில் விறைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். அந்தச் சம்பந்தம் போய்விட்டது. அன்றிலிருந்து அவள் முகத்தை நேராகப் பார்த்து ஒரு வார்த்தை நான் பேசியதில்லை. என்ன செய்வது, இரண்டு பேருக்கும் ஒரே மில்லில் வேலை, ஒரே பெல்ட்டில் எதிரும் புதிருமாக.

கீழ்பென்னாத்தூர் போகிற வழியில் இருக்கிறது மில். மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை உடைத்து, தோலை ஊதி எடுத்து, பருப்பைப் பெல்ட்டில் ஓடவிடுவார்கள். நாங்கள் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு கல், சொத்தை, சுருங்கினது எல்லாவற்றையும் பொறுக்கிப் போடுவோம். அப்படி நாலு பெல்ட். பருப்பு கப்பலில் வெளிநாட்டுக்குப் போகிறது.

பேச்சு இல்லை என்றேனே தவிர, அவள் பேசாமல் இருக்க மாட்டாள். பெல்ட்டைப் பார்த்துப் பேசுவாள். "ஏ பெல்ட்டு, சில பேருக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு, கல்லையெல்லாம் வுட்டுடறாங்க, நான்தான் பொறுக்க வேண்டிகீது" என்பாள். மற்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்கள். நான் வாயைத் திறப்பதில்லை. எனக்கு எப்போதுமே வாய் கம்மி. நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் தொண்டையில் ஏதோ அடைத்துக்கொள்ளும்.

அதனால்தான் என்னைச் சேஃப்டி கமிட்டியில் போட்டார்கள். பொம்பிளைகள் சார்பாக ஒருவர் இருக்க வேண்டும் என்று சட்டமாம். அஞ்சாவது வரை படித்திருக்கிறேன், கையெழுத்துப் போடுவேன், எதிர்த்துப் பேச மாட்டேன். சேஃப்டி ஆபீசருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? அவர் சின்ன வயசுக்காரர், என் மகனைவிடச் சின்னவர், என்னை ஆயா என்று கூப்பிடுவார். மாசத்துக்கு ஒரு தரம் ஆபீஸ் அறையில் உட்கார வைத்து டீ கொடுப்பார்கள். அவர்கள் இங்கிலீஷில் பேசிக்கொள்வார்கள். கடைசியில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவேன்.

போன மாசியில் ஆடிட் வருகிறது என்றார்கள். கணக்குப் பார்க்கிற ஆடிட் இல்லை. ஆட்களுக்கு அடிபடாமல் இருக்க மில்லில் என்னென்ன ஏற்பாடு வைத்திருக்கிறார்கள், சொன்னபடி அது நடக்கிறதா என்று பார்க்கிற ஆடிட். உலகம் முழுக்க அதற்கு ஒரே தரம் எழுதி வைத்திருக்கிறார்களாம். அந்தத் தரத்தில் தேறிச் சர்டிபிகேட் வாங்கினால்தான் புதிதாகச் சரக்கு கேட்கிற வெளிநாட்டுக்காரர் வாங்குவாராம்.

பத்துப் பதினைந்து நாள் மில்லே கல்யாண வீடாக இருந்தது. தரையில் மஞ்சள் கோடு போட்டார்கள். சுவரில் படம் ஒட்டினார்கள். எங்களுக்குக் காதில் வைக்கிற பஞ்சு, தலைக்குத் துணி எல்லாம் கொடுத்தார்கள். யாராவது கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சேஃப்டி ஆபீசர் ஒவ்வொருத்தரையும் ஒப்பிக்க வைத்தார். நெருப்புப் பிடித்தால் எங்கே போவீர்கள், அடிபட்டால் யாரிடம் சொல்வீர்கள். என் ஓரகத்தி எல்லாவற்றையும் கடகடவென்று ஒப்பித்தாள். என்னிடம் வந்ததும், "ஆயா, உங்கள ஒண்ணும் கேக்க மாட்டாங்க. கேட்டா சிரிச்சிடுங்க, போதும்" என்றார்.

இவ்வளவு செய்தவர்கள் ஒன்றை மட்டும் மறந்துவிட்டார்கள். அந்தக் கயிற்றைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஒவ்வொரு பெல்ட்டின் இரண்டு பக்கமும் நீளத்துக்கு ஒரு சிவப்புக் கயிறு ஓடும். உள்ளே இரும்பு, மேலே பிளாஸ்டிக். யார் கையோ துணியோ பெல்ட்டில் சிக்கினால் அந்தக் கயிற்றை இழுக்க வேண்டும், பெல்ட் நின்றுவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதை மாட்டினவன் பொம்பிளைகள் நிற்பதைப் பார்த்து மாட்டவில்லை. சரியாக எங்கள் வயிற்றுக்கு நேராக மாட்டியிருந்தான். தள்ளி ஓடுகிற ஒரு கல்லை எடுக்கக் கொஞ்சம் குனிந்தால் வயிறு கயிற்றில் பட்டுப் பெல்ட் நின்றுபோகும். நின்றால் சூப்பர்வைசர் பாய்ந்து வருவார். யார் நிறுத்தியது, எவள் நிறுத்தியது என்று கத்துவார். நிறுத்தினவள் பேரைச் சொல்லி எல்லோர் எதிரிலும் கேட்கக் கூடாததைக் கேட்பார். அப்புறம் என்ன, கயிற்றைத் தூக்கி மேலே இருக்கிற கம்பியோடு சேர்த்துச் சாக்கு தைக்கிற நூலால் கட்டிவிட்டோம். கட்டினது ஒருத்தி இல்லை, நாலு பெல்ட்டிலும் அப்படித்தான். நூலைச் சாக்கு தைக்கிற இடத்திலிருந்து எடுத்துக் கொடுத்ததே சூப்பர்வைசர்தான். கட்டிப் பழகினதில் அங்கே ஒரு கயிறு இருப்பதே எல்லோருக்கும் மறந்து போனது. தினமும் அந்த வழியாக நடக்கிற சேஃப்டி ஆபீசர் கண்ணிலும் அது படவில்லை. வாரா வாரம் பெல்ட்டைச் சரிபார்க்கிற தாளில் கயிறு சரி என்று டிக் போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

ஆடிட் பண்ண வந்தது ஒரு அம்மா. மெட்ராஸிலிருந்து வந்தாளாம். நாற்பது, நாற்பத்தைந்து இருக்கும். சுடிதாருக்குக் கீழே ஆம்பிளை மாதிரி கனத்த பூட்ஸ். சிரிக்கவே மாட்டாள். வாசலில் பொக்கே கொடுத்தார்கள், வாங்கி மேசையில் வைத்துவிட்டு மறந்தாள். முதலில் ஒரு கூட்டம். முதலாளி, மேனேஜர், சேஃப்டி ஆபீசர், மூலையில் நான். எதைப் பார்க்கப் போகிறேன், யார் யாரைக் கேட்கப் போகிறேன் என்று அவள் சொன்னாள். "எல்லாத்தையும் என்னால பாக்க முடியாது. அங்கங்க எடுத்துப் பாப்பேன். கண்ணால பாக்கறது, ஆளுங்க சொல்றது, நீங்க எழுதி வெச்சிருக்கறது, மூணும் ஒத்துப் போவுதானு பாப்பேன்" என்றாள். என்னைத் திரும்பிப் பார்த்து, இந்தம்மா யார் என்று கேட்டாள். தொழிலாளர் பிரதிநிதி என்றார் மேனேஜர். எனக்குத் தரையைத்தான் பார்க்க முடிந்தது. அவள் ஏதோ எழுதிக்கொண்டாள். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை.

உள்ளே சுற்றி வந்தபோது முதலில் எங்கள் பெல்ட்டுக்குத்தான் வந்தார்கள். சேஃப்டி ஆபீசர் மஞ்சள் கோட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். அவள் கோட்டைப் பார்க்கவில்லை. நேராக வந்து, கம்பியோடு கட்டியிருந்த கயிற்றை விரலால் தொட்டாள். இழுத்தாள். அசையவில்லை. போட்டோ எடுத்தாள்.

"இது என்ன?"

சேஃப்டி ஆபீசர் முகத்தில் ரத்தமே இல்லை. அந்த ஆள் அப்போதுதான் அதை முதல் தடவையாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். சூப்பர்வைசர் குறுக்கே வந்தார். "எவளோ கட்டிட்டா மேடம். எத்தினி வாட்டி சொன்னாலும் கேக்க மாட்டாளுங்க."

"எவளோன்னா?"

முடிச்சு போட்டிருந்தது என் ஓரகத்தி நிற்கிற இடத்துக்கு நேராக. எல்லோர் கண்ணும் அவள் மேல் போனது. வாய் ஓயாதவள், அன்றைக்கு வாயடைத்து நின்றாள். ஆடிட்டர் அம்மா அவளை ஒன்றும் கேட்கவில்லை. மிச்ச பெல்ட்டுகளைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓடும்போது பார்க்கிறேன், இப்போது தாள்களைக் கொண்டு வாருங்கள் என்று சொல்லி ஆபீசுக்குப் போய்விட்டாள்.

அவள் முதுகு மறைந்ததும் சூப்பர்வைசர் கத்தரிக்கோலோடு ஓடினார். மிச்ச மூன்று பெல்ட்டிலும் நூலை வெட்டிக் கயிற்றைக் கீழே இறக்கிவிட்டார்கள். நூல் துண்டுகளைக் கூட்டி அள்ளினார்கள். எங்கள் பெல்ட்டை மட்டும் தொடவில்லை. போட்டோ எடுத்தாயிற்றே, அதைத் தொட்டு என்ன பிரயோசனம்.

சாப்பாட்டு நேரத்தில் சேஃப்டி ஆபீசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கிடங்குக்குப் பின்னால், மலை தெரிகிற பக்கம். டிபன் பாக்ஸைக்கூட நான் திறக்கவில்லை.

அவர் நயமாகத்தான் ஆரம்பித்தார். ஒரு பெல்ட்டில் ஒருத்தி செய்த தப்பு என்றால் அதற்குச் சின்ன மார்க்குதான் போடுவார்களாம், மைனர். எப்படிச் சரி செய்வோம் என்று எழுதிக் கொடுத்தால் சர்டிபிகேட் வந்துவிடுமாம். எல்லா பெல்ட்டிலும் அப்படித்தான் என்று தெரிந்தால் மேஜராம். அதைச் சரி செய்து அவர்கள் மறுபடி பார்த்து ஒத்துக்கொள்கிற வரைக்கும் சர்டிபிகேட் கிடையாதாம். "அவங்க உங்கள கேப்பாங்க ஆயா. உங்க ஓரகத்தி ஒருத்திதான் கட்டினா, நான்கூட வேணாம்னு சொன்னேன்னு சொல்லிடுங்க. அவள நாளைலருந்து வர வேணாம்னுட்டேன்."

அப்போது அவர் ஒரு சிரிப்பு சிரித்தார்.

"உங்களுக்கும் அவளுக்கும் ஆவாதுனு மில்லுக்கே தெரியும். உங்களுக்கு இது கசக்குமா?"

அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. கசக்கவில்லை என்பதுதான் உண்மை. அவள் வேலை போகும் என்று கேட்டதும் மனசில் ஒரு குளிர்ச்சி வந்தது. என் மகள் அழுது வீங்கின முகம் வந்தது. ஆனால் அதற்குப் பின்னாலேயே வேறொரு எரிச்சல் ஏறியது. என் வீட்டுச் சண்டை என் வீட்டில் கிடக்கிறது. அதை எடுத்துத் துடைப்பம் மாதிரி தன் குப்பையைக் கூட்ட இவன் யார்? இவன் தாளில் டிக் போடாமல் கண்ணைத் திறந்து பார்த்திருந்தால் கயிறு தெரிந்திருக்கும். என்னைப் பேசாதவள் என்று பார்த்துப் பொறுக்கி எடுத்தவன், இப்போது நான் என்ன பேச வேண்டும் என்று சொல்லித் தருகிறான்.

திரும்பி வந்தேன். ஓரகத்தி கைகழுவுகிற தொட்டியடியில் நின்றிருந்தாள். அவளிடம் அதற்குள் சொல்லிவிட்டிருந்தார்கள். பெல்ட்டைப் பார்த்து இல்லை, என்னை நேராகப் பார்த்துப் பேசினாள்.

"சந்தோசமா? போய்க் குசுகுசுனு ஓதினியே, சந்தோசமா இப்ப?"

நான் ஓதவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளுக்குச் சமாதானம் சொல்கிற கடன் எனக்கு இல்லை. கை கழுவிவிட்டுப் போனேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஆடிட்டர் அம்மா மிச்ச மூன்று பெல்ட்டையும் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு பெண்ணைக் கூப்பிட்டுக் கயிற்றை இழுக்கச் சொன்னாள். பெல்ட் நின்றது. மூன்றும் நின்றது. சேஃப்டி ஆபீசருக்கு முகத்தில் நிறம் திரும்பியது. "பாருங்க மேடம், அந்த ஒண்ணுதான். அந்த லேடி மேல ஆக்‌ஷன் எடுத்துட்டோம்" என்றார்.

அவள் மூன்றாவது பெல்ட்டின் மேல் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் எட்ட இருந்து பார்த்தேன். அவள் எதைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆயுத பூசைக்கு ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது நான்தான். வயசானவள் கையால் வைக்கட்டும் என்று முதலாளி வீட்டம்மா சொன்னதிலிருந்து அந்த வேலை எனக்கு. பெல்ட்டுக்கு மேல் கம்பியில்தான் வரிசையாகப் பொட்டு வைப்பேன், கண்ணுக்கு நேராக இருப்பது அதுதான். அன்றைக்குக் கயிறு கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தது. அதனால் பொட்டு கயிற்றின் மேலும் விழுந்தது, இரண்டு பக்கமும் கம்பியின் மேலும் விழுந்தது. இப்போது கயிற்றைக் கீழே இறக்கியதும், கம்பியில் நடுவில் ஒரு கோடு வெறுமையாக, மேலே கொஞ்சம் கீழே கொஞ்சம் சந்தனம். கீழே தொங்குகிற சிவப்புக் கயிற்றில் திட்டுத் திட்டாக மிச்சச் சந்தனம். நூலை வெட்டினவர்கள் கூட்டி அள்ளினார்கள். பூசைப் பொட்டை மட்டும் துடைக்கவில்லை. துடைக்கக் கை வருமா எங்கள் ஊரில் யாருக்காவது? அடுத்த ஆயுத பூசை வரைக்கும் அது அப்படியே இருக்கும். சூப்பர்வைசர் அதை ஒரு தப்பாகவே நினைத்திருக்க மாட்டார்.

"தொழிலாளர் பிரதிநிதிகிட்ட நான் தனியா பேசணும்" என்றாள். சேஃப்டி ஆபீசர் இரண்டடி தள்ளி நின்றார். அவள் இன்னும் தள்ளிப் போகச் சொன்னாள். அவர் போகிற போக்கில் என்னைப் பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது.

முதலில் கமிட்டியைப் பற்றிக் கேட்டாள். நீங்கள் என்ன சொன்னீர்கள், சொன்னதற்கு என்ன செய்தார்கள் என்று. எனக்கு வாய் வரவில்லை. அவள் காத்திருந்தாள். கனிவாக ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. கடைசியில், "அவங்க இங்கிலீசுல பேசுவாங்க" என்று மட்டும் சொன்னேன். எழுதிக்கொண்டாள். அப்புறம் கம்பியைக் காட்டினாள்.

"இந்தப் பொட்டு யார் வெச்சது?"

"நான்."

"எப்ப?"

"ஆயுத பூசைக்கு."

"அன்னைக்குக் கயிறு எங்க இருந்துச்சு?"

தள்ளி நின்ற சேஃப்டி ஆபீசர் ஷூவால் தரையைத் தேய்க்கிற சத்தம் கேட்டது. நாலாவது பெல்ட்டுக்குப் பக்கத்தில் என் ஓரகத்தி என்னை முறைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்காக இதைச் செய்கிறேன் என்று அவள் நினைத்துவிடக் கூடாதே என்பதுதான் அந்த நிமிஷம் எனக்கு இருந்த ஒரே கவலை.

"பொட்டு இருக்கற எடத்துல."

"இந்தப் பெல்ட்டுல மட்டுமா?"

"நாலுலயும்."

"யார் கட்டினாங்கனு நான் கேக்கல. கேக்கவும் மாட்டேன்" என்றாள். நன்றி என்றுகூடச் சொல்லவில்லை. நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் இல்லை. டார்ச்சை எடுத்து நாலு பெல்ட்டிலும் ஒவ்வொரு பொட்டாகப் பார்த்துப் போட்டோ எடுத்தாள். கயிற்றில் ஒட்டின சந்தனமும் கம்பியில் இருக்கிற வெறுமையும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று கயிற்றைத் தூக்கி வைத்துப் பார்த்தாள். பொருந்தியது. அதற்கப்புறம் ஆபீசுக்குப் போய், ஆயுத பூசையிலிருந்து இன்று வரைக்கும் உள்ள வாராந்திரத் தாள்களை எடுத்து வரச் சொன்னாளாம். எல்லாவற்றிலும் டிக்.

சாயங்காலம் கடைசிக் கூட்டம். என்னைக் கூப்பிட மறந்ததுபோல் இருந்தார்கள். அவள்தான் ஆள் அனுப்பினாள். மறுபடி அந்த மூலை.

முதலில் நல்லதைச் சொன்னாள். அப்புறம் குறைகள். நெருப்புப் பிடித்தால் எல்லோரும் கூடுகிற இடத்தின் போர்டுக்கு முன்னால் மூட்டை அடுக்கியிருக்கிறது, அது அப்சர்வேஷன், பார்த்துக்கொள்ளுங்கள். புது உடைக்கிற மெஷின் வந்த பிறகு சத்தத்தை மறுபடி அளக்கவில்லை, அது மைனர். அதுவரைக்கும் மேனேஜர் தலையாட்டிக்கொண்டிருந்தார். கயிற்றுக்கு வந்ததும் மேஜர் என்றாள்.

மேனேஜர் எழுந்தே விட்டார். ஒரு லேடி பண்ண தப்புக்கு எப்படி மேஜர் போடுவீர்கள், இது ஹியூமன் எரர், எங்கள் ஆர்டர் போய்விடும், உங்கள் கம்பெனியில் மேலே பேசிக்கொள்கிறேன் என்றார். அவள் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"ஒரு பெல்ட்டுல ஒரு நாள் நடந்திருந்தா மைனர். நாலு பெல்ட்டு, மாசக்கணக்கா. வாரா வாரம் சரின்னு எழுதி இருக்கீங்க. நீங்களே உள்ளுக்குள்ள பண்ண ஆடிட்லயும் வரல. கமிட்டியிலயும் வரல. அப்ப கோளாறு கயித்துல இல்ல சார், கோளாறைக் கண்டுபிடிக்கற உங்க ஏற்பாடே வேலை செய்யல. அதுக்குப் பேர் மேஜர். மேல பேசணும்னா பேசுங்க, அதுக்கு வழி இருக்கு, எழுதித் தரேன்."

"அந்த லேடி பேரையாவது போடுங்க" என்றார் சேஃப்டி ஆபீசர்.

"நான் ஆளை ஆடிட் பண்ண வரல."

அவள் எழுதினதில் யார் பேரும் இல்லை. எந்த விதி, எங்கே பார்த்தது, என்ன பார்த்தது, எந்தத் தாள், இவ்வளவுதான். பொட்டைப் பற்றியும் எழுதியிருந்தாளாம். மேனேஜர் கையெழுத்துப் போடும்போது பேனா தாளைக் கிழித்தது.

வீட்டுக்குத் திரும்புகிற மில் வேனில் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. ஆர்டர் போச்சு, போனஸ் போச்சு, கெய்வி கெடுத்துட்டா என்று காதுபடப் பேசினார்கள். வேங்கிக்காலில் இறங்கினபோது பின்னாலிருந்து யாரோ காறித் துப்பினார்கள். என் மேல் படவில்லை.

மறுநாளிலிருந்து என் ஓரகத்தி வரவில்லை. என்னைப் பெல்ட்டிலிருந்து தூக்கிக் காலிச் சாக்கு உதறுகிற இடத்தில் போட்டார்கள். தூசியில் ராத்திரியெல்லாம் இருமல். ஏன் என்று கேட்டால், வயசாச்சே ஆயா, நின்னுக்கினு இருக்க வேணாமேனுதான் என்றார் சூப்பர்வைசர்.

கொஞ்ச நாள் கழித்து என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மேஜருக்குக் காரணமும் திருத்தமும் எழுதி அனுப்ப வேண்டுமாம். சேஃப்டி ஆபீசர் எழுதி வைத்திருந்தார். காரணம், தொழிலாளியின் அலட்சியம். திருத்தம், அந்தத் தொழிலாளியை நீக்கிவிட்டோம், மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டோம். கமிட்டி கூடி முடிவெடுத்தது என்று கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். நான் பேனாவை எடுக்கவில்லை. போட மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டீ ஆறிப் போனது. இத்தனை நாள் என் வாய் திறக்காததை வசதியாக வைத்திருந்தார்கள், அன்றைக்கு அந்த வாயே அவர்களுக்குப் பேஜாராகிவிட்டது. கடைசியில் என் கையெழுத்து இல்லாமலே அனுப்பினார்கள்.

அது திரும்பி வந்தது. மறுபடி கூப்பிட்டு, என் தப்பு மாதிரி என் முகத்துக்கு நேராக வாசித்துக் காட்டினார் சேஃப்டி ஆபீசர். இது காரணம் இல்லை, ஏற்க முடியாது. நாலு பெல்ட்டிலும் ஏன் கட்டுகிறார்கள் என்று வேலை செய்கிறவர்களைக் கேட்டீர்களா? ஆபத்தைச் சொல்கிறவர்கள்மேல் நடவடிக்கை வராமல் பார்த்துக்கொள்வதும் இந்தத் தரத்தில் இருக்கிறது, அதையும் மறு ஆடிட்டில் பார்ப்பேன். இப்படி எழுதியிருந்தாள் ஆடிட்டர் அம்மா.

"ஏன் ஆயா கட்டினீங்க?" என்று கேட்டார் அவர். கோபமாகத்தான் கேட்டார். ஆனால் அவர் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"வயித்துல இடிக்குது. நின்னா திட்டறாங்க" என்றேன்.

அதைத்தான் எழுதி அனுப்பினார்கள். கயிற்றைத் தள்ளி, வயிறு படாமல் கை எட்டுகிற மாதிரி மாற்றினார்கள். பெல்ட்டை நிறுத்தினதற்கு யாரையும் திட்டக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டினார்கள். வாராந்திரத் தாளில் டிக் போடுவதற்கு முன்னால் கயிற்றை இழுத்துப் பார்க்க வேண்டும் என்று வைத்தார்கள். தொழிலாளியின் தப்பு என்பது காரணமாக நிற்காமல் போனதால் என் ஓரகத்தியை வெளியே வைத்திருக்கவும் வழியில்லாமல் போனது. அவளை வரச் சொன்னார்கள். என்னையும் சாக்குத் தூசியிலிருந்து பெல்ட்டுக்கு மாற்றினார்கள். அதே இடம். அவள் எதிரில்.

ஆடிட்டர் அம்மா மறுபடி வந்தாள். அதே பூட்ஸ். நாலு பெல்ட்டையும் பார்த்தாள், பெண்களைக் கேட்டாள், சூப்பர்வைசரைக் கேட்டாள். எங்கள் பெல்ட்டில் யாரையாவது இழுக்கச் சொன்னபோது என் ஓரகத்தி கையை நீட்டி இழுத்தாள். நின்றது. மேஜர் மூடப்பட்டது என்று எழுதிக்கொண்டு போனாள். என்னைப் பார்த்து ஒரு தலையாட்டல்கூட இல்லை. அவளுக்கு நான் ஒரு பொட்டு, ஒரு தாள் மாதிரி. பரவாயில்லை. எனக்கும் அவள் அப்படித்தான்.

சர்டிபிகேட் வந்து ஆபீஸ் வாசலில் மாட்டியிருக்கிறது. அந்த வெளிநாட்டுக்காரர் காத்திருக்காமல் பாதிச் சரக்கை வேறு எங்கோ வாங்கிக்கொண்டார். அதற்காக இன்றுவரை என்னைத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆயுத பூசை வந்தது. இந்தத் தடவை சந்தனக் கிண்ணத்தை என்னிடம் கொடுக்க யோசித்தார்கள். அப்புறம் கொடுத்தார்கள். மேல் கம்பியில் வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தேன். கயிறு தள்ளிக் கீழே ஓடியது. கம்பியில் பொட்டு முழுசாக, வட்டமாக விழுந்தது. எங்கள் பெல்ட்டுக்கு வந்தபோது எதிரிலிருந்து குரல் வந்தது.

"ஏ பெல்ட்டு, சில பேரு பொட்டு வெக்கறேன்னு ஊரையே கூட்டிடுவாங்க. இந்த வாட்டியாவது ஒழுங்கா வெக்கச் சொல்லு."

பெண்கள் சிரித்தார்கள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. என் மகளுக்கு அந்தச் சம்பந்தம் போனதற்கப்புறம் வேறு இடத்தில் கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளைகள். ஆனாலும் அது அது, இது இது.

பொரியும் சுண்டலும் கொடுத்துக்கொண்டு வந்தேன். மற்றவர்களுக்கெல்லாம் கையில் போட்டேன். அவள் முறை வந்ததும் ஒரு பிடி எடுத்துக் காகிதத்தில் வைத்து, நின்றுகொண்டிருந்த பெல்ட்டின் மேல் வைத்துவிட்டு நகர்ந்தேன். கொஞ்சம் தள்ளிப் போனதும் பின்னால் அவள் சுண்டல் மெல்லுகிற சத்தம் கேட்டது.